சந்தை அளவுப் பத்தி: ஒரே நிறுவனத்துக்கு நான்கு விதமாக எழுதிப் பார்ப்போம்

முதலீடு கேட்டுப் போகும்போது காட்டும் பிட்ச் டெக்கில் சந்தை அளவுக்கு ஒதுக்கப்படுவது நாலைந்து வரிதான். ஆனால் கவனமான முதலீட்டாளர் பேனாவை எடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். குழு எப்படி, பொருள் எப்படி என்று தெரிந்துகொள்ள அவர் நேரில் பார்க்க வேண்டும், பேச வேண்டும், சிலரிடம் விசாரிக்க வேண்டும். சந்தை அளவை மட்டும் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். அந்தச் சோதனையில் அவருக்குத் தெரியவருவது சந்தையைப் பற்றி மட்டுமல்ல, நிறுவனர் எண்களை எப்படிக் கையாள்கிறார் என்பதும் அதில் தெரிந்துவிடுகிறது. இங்கே சறுக்கினால் வருவாய்க் கணிப்பையும் செலவுக் கணக்கையும் அவர் அதே சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இந்தப் பத்தியை எழுத நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஏதோ ஒரு சந்தை ஆய்வு அறிக்கையிலிருந்து ஒரு பெரிய எண்ணை எடுத்து அதில் ஒரு சதவீதம் போடுவது, வாடிக்கையாளருக்கு மிச்சமாகும் பணத்தைச் சந்தை என்று சொல்வது, வாங்கக்கூடியவர்களை எண்ணி விலையால் பெருக்குவது, இல்லாத சந்தையை நாங்கள் உருவாக்குவோம் என்று வாதிடுவது. நான்கையும் ஒரே நிறுவனத்துக்குப் பொருத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அதற்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றிய எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு வைத்தவை.

அந்த நிறுவனம் லிஃப்ட் பராமரிப்பு செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கு மென்பொருள் விற்கிறது. எந்த டெக்னீஷியன் எந்தக் கட்டடத்துக்கு எப்போது போக வேண்டும், போன தடவை எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எந்த லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்பதையெல்லாம் அது கவனித்துக்கொள்கிறது. ஒரு லிஃப்டுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். இப்போது 9 ஒப்பந்ததாரர்கள் பணம் கட்டிப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கையில் மொத்தம் 4,100 லிஃப்டுகள். நிறுவனர்கள் முதலில் எழுதிய பத்தி இது:

"உலக லிஃப்ட் பராமரிப்புச் சந்தை 5,000 கோடி டாலர். அது ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது. இதில் ஒரே ஒரு சதவீதத்தைப் பிடித்தாலும் எங்கள் வருவாய் 50 கோடி டாலராக இருக்கும்."

அறிக்கையும் ஒரு சதவீதமும்

ஒரு சதவீதம் என்றாலே முதலீட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது இப்போது பலருக்குத் தெரியும். அதனால் சிலர் அதை அரை சதவீதமாகக் குறைத்து, அடக்கமாக எழுதிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். சதவீதத்தைக் குறைப்பதால் எதுவும் சரியாகாது. கோளாறு அந்த 5,000 கோடியில் இருக்கிறது.

அது யாருடைய பணம் என்று கேட்டுப் பாருங்கள். கட்டட உரிமையாளர்கள் பராமரிப்புக்குக் கொடுக்கும் பணம் அது. டெக்னீஷியன் சம்பளம், உதிரிபாகம், வண்டிச் செலவு, காப்பீடு எல்லாம் போய் ஒப்பந்ததாரருக்கு லாபம் என்று கொஞ்சம் மிஞ்சும். மென்பொருளுக்குப் போகக்கூடியது அந்தச் செலவுகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு துண்டு. மருத்துவமனைகளுக்குப் பணிநேர அட்டவணை மென்பொருள் விற்பவர் மருத்துவச் செலவு முழுவதையும் தன் சந்தை என்று சொன்னால் எவ்வளவு பொருந்தாதோ, இதுவும் அவ்வளவு பொருந்தாது. உங்கள் பொருளை வாங்க எந்தச் செலவுக் கணக்கிலிருந்து பணம் வருகிறதோ, அந்தக் கணக்குதான் உங்கள் சந்தை.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. லிஃப்ட் பராமரிப்பில் பெரிய பங்கு, லிஃப்டைத் தயாரித்தவர்கள் கையிலேயே இருக்கிறது. ஓடிஸ் நிறுவனம் மட்டும் உலகம் முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லிஃப்டுகளையும் எஸ்கலேட்டர்களையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. அதன் லாபத்தில் பெரும்பகுதி புது லிஃப்ட் விற்பனையில் வருவதில்லை, பராமரிப்புச் சேவையில்தான் வருகிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் தங்களுக்கான மென்பொருளைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளும். நம் நிறுவனத்திடம் வாங்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் அறிக்கையின் 5,000 கோடிக்குள் அவர்களுடைய லிஃப்டுகளும் இருக்கின்றன. துறையைக் கொஞ்சம் அறிந்த முதலீட்டாளர் இதைத்தான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் பத்தியில் இல்லை என்றால், நிறுவனருக்கே இது தெரியாதோ என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடும்.

அறிக்கை எண்ணுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறு வழியில் கண்டுபிடித்த எண் அறிக்கையின் எண்ணை மீறிப்போனால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது உதவும். மேல்வரம்பு பார்க்க வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பத்தியின் முதல் வரியாக அதை வைத்தால் மற்ற நல்ல எண்களும் அதன் நிழலில் கெட்டுப்போகும்.

மிச்சமாகும் பணத்தைச் சந்தையாகக் காட்டுவது

இரண்டாவது வழி பார்க்க அழகாக இருக்கும். இந்த மென்பொருளைப் பயன்படுத்தினால் ஒரு லிஃப்டுக்கு ஆண்டுக்கு ஒன்றரை அவசர அழைப்பு குறைகிறது என்று 9 வாடிக்கையாளர்களின் பதிவுகளில் தெரிகிறது. ஓர் அவசர அழைப்புக்கு டெக்னீஷியன் நேரமும் பயணமும் சேர்ந்து 70 டாலர் ஆகிறது. அப்படியென்றால் லிஃப்டுக்கு ஆண்டுக்கு 105 டாலர் மிச்சம். நாட்டில் 4 லட்சம் லிஃப்டுகள் இருந்தால் சந்தை 4.2 கோடி டாலர் என்று எழுதிவிடலாம்.

முதல் பத்தியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. உண்மையான பயன்பாட்டிலிருந்து வந்த எண் இருக்கிறது, செலவு எங்கே குறைகிறது என்ற விவரம் இருக்கிறது. ஆனால் மிச்சமாகும் 105 டாலரையும் யாரும் உங்களிடம் தூக்கிக் கொடுக்கப் போவதில்லை. முழுவதையும் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இதில் என்ன லாபம்? அதில் ஒரு பங்குதான் விலையாகக் கிடைக்கும். அதோடு நாட்டிலுள்ள எல்லா லிஃப்டையும் பெருக்கலில் சேர்த்ததால் தயாரிப்பாளர்களின் லிஃப்டுகளும் இதற்குள் மறுபடி நுழைந்துவிட்டன.

இந்த முறை பெரிய அளவில் எப்படிப் போகும் என்பதற்கு, அலுவலக இடத்தைப் பலருக்குப் பகிர்ந்து வாடகைக்கு விடும் வீவொர்க் நிறுவனம் 2019 ஆகஸ்டில் வெளியிட்ட பங்கு வெளியீட்டு ஆவணம் ஓர் உதாரணம். 280 நகரங்களில் உறுப்பினராகக்கூடியவர்கள் என்று 25.5 கோடி பேரைக் கணக்கிட்டு, ஓர் ஊழியருக்கு ஆகும் இடச் செலவால் பெருக்கி, வாய்ப்பு 3 லட்சம் கோடி டாலர் என்று அதில் எழுதியிருந்தார்கள். மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும், அவர்களுக்கு ஆகும் இடச் செலவு அத்தனையும் ஒரே நிறுவனத்தின் சந்தைக்குள் வந்துவிட்டன. அடுத்த மாதமே அந்தப் பங்கு வெளியீடு திரும்பப் பெறப்பட்டது. அதற்கு நிர்வாகம், நஷ்டம் என்று வேறு பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் சந்தேகத்தோடு படிக்க உட்காருபவருக்கு அப்படியோர் எண் எந்த வகையிலும் உதவாது.

மிச்சக் கணக்கை வேறோர் இடத்தில் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. விலை நியாயமானதுதான் என்று காட்ட அது அருமையான ஆதாரம். நம் நிறுவனம் லிஃப்டுக்கு ஆண்டுக்கு 36 டாலர் வாங்குகிறது என்றால், அது வாடிக்கையாளருக்கு மிச்சமாகும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த விலைக்கு வாங்குவார்கள், அடுத்த ஆண்டும் புதுப்பிப்பார்கள் என்று நம்ப இது போதும். ஒருவேளை விலை 90 டாலராக இருந்திருந்தால், மிச்சக் கணக்கைப் போட்ட உடனேயே விலை அனுமானம் தேறாது என்று தெரிந்திருக்கும். ஆக, இந்தக் கணக்கைச் சந்தை அளவிலிருந்து எடுத்து விலைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

எண்ணிப் பார்ப்பது

மூன்றாவது வழியில்தான் வேலை அதிகம். அதனாலேயே இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

லிஃப்ட் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயமாக உள்ள நாட்டில் பதிவேடு ஒன்று இருக்கும். நம் உதாரண நாட்டின் பதிவேட்டில் 4 லட்சம் லிஃப்டுகள் இருக்கின்றன. பதிவேடு யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது, ஆகவே இந்த எண்ணில் தகராறு இல்லை. அடுத்து, இவற்றில் எத்தனை தயாரிப்பாளர்களின் கையில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். அப்படி ஒரு புள்ளிவிவரம் யாரிடமும் தயாராக இல்லை. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைச் சான்றிதழிலும் பராமரிப்பவர் பெயர் இருக்கிறது. நிறுவனர்கள் 300 சான்றிதழ்களைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்த்தார்கள். 165 சான்றிதழ்களில் தயாரிப்பாளரின் பெயர் இருந்தது. அதாவது 55 சதவீதம். மிச்சமுள்ள 1,80,000 லிஃப்டுகள் தனி ஒப்பந்ததாரர்களிடம் இருக்கின்றன என்று கொள்ளலாம்.

குலுக்கல் முறை என்று சும்மா சொல்லவில்லை. நகரின் நடுவிலுள்ள புதுக் கட்டடங்களை மட்டும் பார்த்தால் தயாரிப்பாளர் பங்கு கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் உத்தரவாதக் காலம் முடியும்வரை பராமரிப்பு பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். பழைய குடியிருப்புகளை மட்டும் பார்த்தால் பங்கு குறைந்து தெரியும். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று முதலீட்டாளர் கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும்.

அப்புறம், எல்லா ஒப்பந்ததாரர்களும் மென்பொருள் வாங்க மாட்டார்கள். இரண்டு டெக்னீஷியன்களை வைத்துக்கொண்டு நூறு லிஃப்ட் பார்ப்பவருக்கு ஒரு நோட்டும் கைப்பேசியுமே போதும். இப்போதைய 9 வாடிக்கையாளர்களில் 200 லிஃப்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. அந்த அளவில் இருந்தவர்களிடம் பேசிப் பார்த்தபோது யாரும் வாங்கவில்லை. ஆகவே 200-ஐ எல்லைக்கோடாக வைத்தார்கள். அதற்கு மேல் உள்ள ஒப்பந்ததாரர்கள் சுமார் 240 பேர், அவர்களிடம் உள்ளவை தனி ஒப்பந்ததாரர்களின் லிஃப்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 1,20,000.

கடைசியாக விலை. விலைப்பட்டியலில் லிஃப்டுக்கு மாதம் 4 டாலர் என்று இருக்கிறது. ஆனால் தள்ளுபடி போக உண்மையில் வசூலாவது 3 டாலர். ஆண்டுக்கு 36. பலர் இங்கே பட்டியல் விலையைப் போட்டுவிடுவார்கள். வங்கிக் கணக்கையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கேட்டு வாங்கும் முதலீட்டாளர் மொத்த வசூலை லிஃப்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பார். அப்போது 48 என்று எழுதிய இடத்தில் 36 வரும். அதற்குப் பின் அந்த டெக்கில் எந்த எண்ணையும் அவர் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்.

ஆக, 1,20,000 லிஃப்ட், 36 டாலர். பெருக்கினால் ஆண்டுக்கு 43.2 லட்சம் டாலர்.

50 கோடியில் தொடங்கிய கணக்கு இங்கே வந்து நிற்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான நிறுவனர்கள் பின்வாங்கி அறிக்கை எண்ணையே மறுபடி ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. சந்தை சிறிது என்று சொல்லி நிராகரித்துவிடுவார்களோ என்ற கவலை அது. ஆனால் முதலீட்டாளர் இதே கணக்கைத் தானே போட்டு இதே எண்ணுக்குத்தான் வருவார். அதை அவர் உங்கள் வாயால் கேட்பதா, தானாகக் கண்டுபிடிப்பதா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

இந்த எண்ணை ஒற்றை எண்ணாக எழுதாமல் வீச்சாக எழுதுவது நல்லது. வழக்கமாக எல்லோரும் செய்வது, நடு எண்ணை எடுத்து இருபது சதவீதம் கூட்டி, இருபது சதவீதம் குறைத்து, நல்ல நிலை, மோசமான நிலை என்று மூன்று நிரல் போடுவது. அந்த இருபதுக்குக் காரணம் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக எந்த அனுமானம் ஆட்டம் காண்கிறதோ அதிலிருந்து வீச்சை எடுங்கள். 300 சான்றிதழ்கள் கொண்ட மாதிரியில் 55 சதவீதம் வந்தால், உண்மை ஏறத்தாழ 50-க்கும் 60-க்கும் இடையில் இருக்கும் என்று புள்ளியியல் சொல்கிறது. தயாரிப்பாளர் பங்கு 60 என்றால் நம் சந்தை 38.4 லட்சம். 50 என்றால் 48 லட்சம். ஆகவே "38 முதல் 48 லட்சம் டாலர், எங்கள் மாதிரியின் பிழை எல்லை காரணமாக" என்று எழுதலாம். வீச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியும்போது அதை எப்படிக் குறுக்கலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. இன்னும் ஆயிரம் சான்றிதழ் பார்த்தால் போதும். அதைச் செய்யச் சொல்லி முதலீட்டாளர் கேட்டால் அது நல்ல அறிகுறி. ஆர்வம் இல்லாதவர் அப்படிக் கேட்க மாட்டார்.

இன்னொரு சின்ன விஷயம். 240 ஒப்பந்ததாரர்களிடம் 1,20,000 லிஃப்ட் என்றால் சராசரி 500. ஆனால் இப்போதைய 9 பேரிடம் 4,100, சராசரி 455. பெரிய வித்தியாசம் இல்லைதான். இருந்தாலும் வருவாய்க் கணிப்பில் எதைப் பயன்படுத்துவது? கையில் உள்ள 455-ஐத்தான். ஒரு விற்பனையாளர் ஆண்டுக்கு 10 ஒப்பந்ததாரர்களைச் சேர்க்கிறார், இரண்டு பேர் மூன்று ஆண்டுகளில் 60 பேர், ஏற்கனவே உள்ள 9, அதில் சிலர் விலகிப்போவார்கள் என்று கழித்தால் சுமார் 60. அறுபதை 455-ஆலும் 36-ஆலும் பெருக்கினால் 9.8 லட்சம் டாலர். பங்கு என்று பார்த்தால் 240-இல் 60, நான்கில் ஒன்று. இந்த 25 சதவீதம் விற்பனையாளர்களின் வேகத்திலிருந்து பிறந்தது. யாரோ மனத்தில் தோன்றியதை எழுதியதல்ல. முதல் பத்தியின் "ஒரு சதவீதம்" எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது.

சந்தையையே பெரிதாக்குவோம் என்ற வாதம்

எண்ணிப் பார்க்கும் முறைக்கு ஒரு எல்லை உண்டு. இன்று வாங்குபவர்களைத்தான் அது எண்ணும். ஒரு பொருள் வந்த பிறகு மக்கள் அதிகமாகப் பயன்படுத்தத் தொடங்கினால் அந்தக் கணக்கு குறைவாகிவிடும்.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஊபர். 2014 ஜூனில் மதிப்பீட்டுப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன், உலக டாக்சிச் சந்தை 10,000 கோடி டாலர், ஊபருக்கு அதில் 10 சதவீதம் கிடைக்கும் என்று வைத்து, நிறுவனத்தின் மதிப்பு 590 கோடி டாலர் என்று கணக்கிட்டார். முதலீட்டாளர்கள் அப்போது கொடுத்த மதிப்பு சுமார் 1,700 கோடி. அடுத்த மாதம் ஊபரின் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் பில் கர்லி பதில் எழுதினார். விலை குறைந்து, கார் சில நிமிடங்களில் வந்து நின்றால் முன்பு டாக்சி எடுக்காதவர்களும் எடுப்பார்கள், சந்தை அளவில் பிழை 25 மடங்கு வரைகூட இருக்கலாம் என்பது அவர் வாதம். 2023-இல் ஊபர் வழியாக நடந்த மொத்த வணிகம், உணவு விநியோகமும் சேர்த்து, 13,000 கோடி டாலரைத் தாண்டியது.

இதைப் படித்துவிட்டு "நாங்களும் ஊபர் மாதிரிதான்" என்று எழுதுபவர்கள் அதிகம். அவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. சந்தை பெரிதாகும் என்பதற்கு ஊபரிடம் ஒரு நகரத்தின் நடப்பே சான்றாக இருந்தது. 2015 ஜனவரியில் அதன் அப்போதைய தலைமை நிர்வாகி டிராவிஸ் கலானிக், சான் பிரான்சிஸ்கோவின் டாக்சிச் சந்தை ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலர், அங்கே ஊபரின் வருவாய் மட்டும் 50 கோடி டாலர் என்று சொன்னார். பழைய சந்தையைப் போல மூன்றரை மடங்கு, அதுவும் ஒரே ஊரில். அப்படி ஓர் ஊரைக் காட்ட முடிந்தால் அதுதான் பத்தியின் முதல் வரியாக இருக்க வேண்டும், கவனமான முதலீட்டாளரும் உட்கார்ந்து கேட்பார். காட்ட முடியாதபோது இந்த வாதம் வெறும் விருப்பம்.

நம் லிஃப்ட் நிறுவனத்துக்கு இது பொருந்தாது. மென்பொருள் நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் கூடுதல் லிஃப்ட் கட்டப் போவதில்லை. பயன்பாடு கூடக்கூடிய ஒரே இடம், 200-க்குக் கீழே உள்ள சிறு ஒப்பந்ததாரர்கள். மலிவான சிறு பதிப்பு ஒன்று வந்தால் அவர்களும் வாங்கலாம். ஆனால் இன்றைய தேதிக்கு ஒருவர்கூட வாங்கவில்லை. அந்த 60,000 லிஃப்டுகளைச் சந்தையில் சேர்க்க இப்போது ஆதாரம் இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் தேர்வு இதுதான்: எண்ணிப் பார்த்ததை முதுகெலும்பாக வையுங்கள், மிச்சக் கணக்கை விலைக்குச் சாட்சியாக வையுங்கள், விரிவாக்கத்தைத் தனி வாக்கியத்தில், அதன் ஆதாரம் எவ்வளவு மெலிது என்பதோடு சேர்த்து வையுங்கள். அறிக்கை எண் டெக்கில் வேண்டாம், உங்கள் சொந்தச் சரிபார்ப்புக் கோப்பில் இருக்கட்டும். பக்கத்து நாடுகள் இரண்டில் இதே மாதிரி பரிசோதனைச் சட்டமும் பதிவேடும் இருக்கின்றன, அங்கே இதே அளவுள்ள ஒப்பந்ததாரர்களிடம் சுமார் 12 லட்சம் லிஃப்ட் என்று வைத்துக்கொண்டால் பத்தி இப்படி வரும்:

"எங்கள் நாட்டில் பதிவான லிஃப்டுகள் 4 லட்சம். குலுக்கல் முறையில் எடுத்த 300 பரிசோதனைச் சான்றிதழ்களின்படி 45 சதவீதம் தனி ஒப்பந்ததாரர்களிடம் உள்ளன. 200 லிஃப்டுக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 240 ஒப்பந்ததாரர்களுக்கு மட்டுமே விற்கிறோம், அவர்களிடம் 1,20,000 லிஃப்டுகள். தள்ளுபடி போக எங்களுக்குக் கிடைப்பது லிஃப்டுக்கு ஆண்டுக்கு 36 டாலர், வாடிக்கையாளருக்கு மிச்சமாவதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே முதல் சந்தை ஆண்டுக்கு 38 முதல் 48 லட்சம் டாலர். இதே பரிசோதனை முறை உள்ள இரு நாடுகளில் இதே அளவுள்ள ஒப்பந்ததாரர்களிடம் மேலும் 12 லட்சம் லிஃப்டுகள், இதே விலையில் 4.3 கோடி டாலர். அங்கே மாதிரி ஆய்வு இன்னும் செய்யவில்லை, தயாரிப்பாளர் பங்கு எங்கள் நாட்டைப் போலவே இருக்கும் என்று வைத்திருக்கிறோம்."

முதல் பத்தியைவிட இது நீளம், உண்மைதான். ஸ்லைடில் நான்கு எண்களையும் மேலிருந்து கீழாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று இரண்டு மூன்று சொல் போட்டால் போதும். மொத்தச் சந்தை, நாம் விற்கக்கூடிய சந்தை, நம்மால் பிடிக்க முடிந்த சந்தை என்று மூன்று வட்டம் வரைந்து டிஏஎம், எஸ்ஏஎம், எஸ்ஓஎம் என்று பெயரிடும் வழக்கத்தை விட மனமில்லை என்றால் வரையுங்கள். ஆனால் வெளி வட்டத்தில் மூன்று நாடுகளின் தொகை இருக்கட்டும், உலகத் தொகை வேண்டாம். கணக்குத் தாளைத் தனியாக வைத்துக்கொண்டு, 55 என்ற இடத்தில் முதலீட்டாளரே வேறொரு எண்ணைப் போட்டால் கீழே மொத்தம் மாறுகிற மாதிரி அமைத்துக் கொடுங்கள். அவர் 65 போட்டுப் பார்ப்பார், 33.6 லட்சம் வரும். ஒரு கேள்விக்குத் தானே விடை கண்டுவிட்டதால் உங்களிடம் கேட்க அவருக்கு வேறு நல்ல கேள்விகள் இருக்கும்.

எழுதி முடித்ததும் பத்தியைத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, பேனாவால் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே ஓர் எண்ணோ ஓர் ஆதாரமோ விடுபட்டிருக்கிறது. பிறகு துறையில் இருக்கும் ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். அவர் கணக்கைப் பார்க்க மாட்டார், 200 என்ற எல்லைக்கோட்டைப் பார்த்து "எங்க ஊர்ல நூத்தம்பது வச்சிருக்கவங்களே வாங்குவாங்களே" என்பார், அல்லது தலையாட்டுவார். இரண்டுமே பயன்படும் பதில்தான்.

இனி, இந்தப் பத்தியை யாரிடம் கொண்டுபோவது என்பதையும் அதே எண்கள் சொல்லிவிடும். மூன்று நாடுகளும் சேர்ந்து சுமார் 4.75 கோடி டாலர். 10 கோடி டாலர் நிதியை நிர்வகிக்கும் ஒருவர், ஒரே நிறுவனம் முழு நிதியையும் திருப்பித் தரும் அளவுக்கு வளர வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். விற்கும்போது அவர் கையில் 15 சதவீதம் இருந்தால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 67 கோடி ஆக வேண்டும். வருவாயைப் போல ஆறு மடங்கு மதிப்பு கிடைக்கும் என்றால் ஆண்டு வருவாய் 11 கோடிக்கு மேல் தேவை. சந்தை முழுவதையும் பிடித்தாலும் அது வராது. அவரிடம் போவது இரு தரப்புக்கும் நேர விரயம், இரண்டாவது பொருள் ஒன்று தயாராகும்வரை.

30 லட்சம் டாலர் மதிப்பில் உள்ளே வந்து பத்து மடங்கு எதிர்பார்க்கும் தனி முதலீட்டாளரின் கணக்கு வேறு. பின்னால் வரும் சுற்றுகளில் அவர் பங்கு 40 சதவீதம் கரைந்துபோகும் என்று வைத்தாலும், நிறுவனத்தின் மதிப்பு 5 கோடி ஆனால் அவருக்குப் போதும். அதே ஆறு மடங்கில் அதற்குத் தேவையான வருவாய் 83 லட்சம் டாலர், மூன்று நாட்டுச் சந்தையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உள்நாட்டில் மூன்று ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு என்று விற்பனையாளர் கணக்கு ஏற்கனவே காட்டுகிறது. அவர் கேட்கப்போகும் அடுத்த கேள்வி அந்த இரு நாடுகளின் சான்றிதழ்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஆகவே சந்திப்புக்கு முன்பே அங்கேயும் 300 சான்றிதழ் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.